குற்றாலத்தின் சராசரி ஆறு மணி நேரம்

ஜெயபிரியாவுக்குப் போன் செய்கிறவர்கள் யாரும் நன்றி சொல்வதற்காகச் செய்வதில்லை. தென்காசியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவள் வேலை பார்க்கும் சர்வீஸ் சென்டர். வாட்டர் ஹீட்டர், மிக்ஸி, கிரைண்டர் செய்யும் ஒரு கம்பெனிக்காக நடத்தப்படுவது. செங்கோட்டையிலிருந்து திருவேங்கடம் வரை எந்த வீட்டில் எது நின்றுபோனாலும் மணி அடிப்பது அவள் மேசையில்தான். கணிதப் பட்டதாரி. கணவர் போலீஸ்காரர், சீசன் வந்துவிட்டால் அருவிக்கரையில் நின்று "தள்ளாதீங்க, வரிசையா வாங்க" என்று கத்துவது அவர் வேலை. வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருக்கும்.

புகாரைப் பதிவது அவள் வேலையில் பாதி. மீதிப் பாதி, மாதக் கடைசியில் அத்தனை புகார்களையும் சுருக்கி ஒரே பக்கத்தில் தருவது. எந்த வகைப் புகார் எத்தனை, எது திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு புகாரைத் தீர்க்கச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது. இந்த மூன்றையும் பார்த்துத்தான் சென்னையில் உள்ளவர்கள் தென்காசியைப் புரிந்துகொள்கிறார்கள்.

வகைகள் கணினியிலேயே உண்டு. வேலை செய்யவில்லை, கசிவு, சத்தம், மற்றவை. மனிதர்களின் துயரம் இந்த நான்குக்குள் அடங்காததால் 'மற்றவை' எப்போதும் முதலிடத்தில் இருக்கும். தீர்ந்ததற்கான அடையாளம் இன்னும் அழகு. மெக்கானிக் வேலையை முடித்ததும் வாடிக்கையாளரின் போனுக்கு நான்கு இலக்க எண் வரும். அதை அவர் சொன்னால்தான் புகார் மூடும். அந்த எண்ணுக்குக் கம்பெனி வைத்த பெயர் ஹேப்பி கோட்.

ஜூன் மாதச் சுருக்கத்தைப் பார்க்க மதுரையிலிருந்து ஏரியா மேனேஜர் விஜயசங்கர் நேரில் வந்தார். சென்டரின் உரிமையாளர் விஸ்வநாதன் அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு எதிரில் நின்றார். விஸ்வநாதன் கோயில் மரியாதை பெறும் பழைய குடும்பம். ஊரில் அவரை நிற்கவைத்துப் பேசுகிறவர்கள் குறைவு. விஜயசங்கர் மாதம் ஒருமுறை அந்தக் குறையைத் தீர்த்துவைப்பார்.

"குற்றாலம் பாருங்க சார். அறுபத்திரெண்டு கம்ப்ளெய்ன்ட். ஆவரேஜ் ஆறு மணி நேரம்! தமிழ்நாட்டுலயே இப்படி ஒரு நம்பர் நான் பார்த்ததில்ல. யாரு அந்தப் பையன்?"

"அபி" என்றார் விஸ்வநாதன்.

"திருவேங்கடம் பாருங்க. இருபதே கம்ப்ளெய்ன்ட். ஆவரேஜ் நாலு நாள். இது யாரு?"

"சுடலைக்கண்ணு. நல்ல வேலைக்காரரு சார். தூரம் ஜாஸ்தி. அங்கன தண்ணி உப்புத் தண்ணி, காயில்ல காரை புடிச்சிரும். புதுக் காயில் மதுரையில இருந்துதான் வரணும்."

"எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும் சார். எனக்கு நம்பர் மட்டும்தான் இருக்கு. ஒரு மாசம் டைம். ஜூலையிலயும் இப்படியே இருந்தா ஆள மாத்திருங்க. திருவேங்கடத்துக்கும் அபியவே போடுங்க."

சுடலைக்கண்ணு அப்போது வாசலில் நின்று ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தெட்டு. பதினைந்து வருடமாக இதே வேலை. இரண்டாவது மகள் நர்சிங் இரண்டாம் வருடம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஜெயபிரியாவின் மேசைக்கு வந்தார்.

"ஏ பிள்ள, நான் என்ன செய்யணும்னு சொல்லுதாரு அவரு? காயில் வராம மூடிட்டு வரணுமா?"

"வேகமா மூடணும்னு சொல்லுதாரு அண்ணாச்சி."

"மூடலாம். கதவத்தான் வேகமா மூடலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

விஜயசங்கர் போகிறபோது ஒரு புதிய வசதியையும் கொடுத்துவிட்டுப் போனார். வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கும் குறிப்புகளை இனி மனிதர்கள் படிக்க வேண்டியதில்லை. தலைமை அலுவலகத்தின் மென்பொருள் தானே படித்து வகை பிரித்துத் தரும். ஜெயபிரியா ஜூன் மாதக் குறிப்புகளை அதற்குள் ஏற்றினாள். அரை நிமிடத்தில் சுருக்கம் வந்தது. அதில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு வகை இருந்தது. பாராட்டு: பதினொன்று.

சர்வீஸ் சென்டருக்குப் பதினோரு பாராட்டு என்பது நம்பும்படியாக இல்லை. திறந்து பார்த்தாள். "இதுக்கு அருவித் தண்ணியே தேவலாம்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். "ரொம்ப நல்லா இருக்கு சார் உங்க ஹீட்டர், ஐஸ் வாட்டர் சூப்பர்" என்று இன்னொருவர். "குளிச்சி முடிச்சி ஜன்னி வந்திருச்சி, வாழ்க வளமுடன்" என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். மென்பொருள் நல்ல மனம் படைத்தது. எல்லாவற்றையும் வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டிருந்தது.

இனி இதை நம்ப முடியாது என்று அத்தனை குறிப்புகளையும் அவளே படிக்க ஆரம்பித்தாள். 'மற்றவை'யில் கிடந்ததைப் பிரித்து, 'தண்ணீர் சூடாகவில்லை' என்று புதிதாக ஒரு வகை போட்டாள். குற்றாலத்தின் பெரும்பாலான புகார்கள் அதற்குள் வந்து விழுந்தன. படிக்கப் படிக்க வேறொன்றும் கண்ணில் பட்டது. "ரூம் 204, சூடு இல்ல." நான்கு நாள் கழித்து வேறொருவர், வேறு போன் நம்பர்: "204ல தண்ணி சுடல." அடுத்த வாரம் இன்னொருவர்: "இருநூத்தி நாலு."

கம்பெனியின் கணக்கில் இவை மூன்றும் மூன்று வாடிக்கையாளர்கள். திரும்ப வந்த புகார் என்றால் ஒரே போன் நம்பரிலிருந்து முப்பது நாளுக்குள் இரண்டாவது முறை வந்திருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி குற்றாலத்தில் திரும்ப வந்தவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அந்த விதியை எழுதியவர் ஒரு ஹீட்டருக்கு ஒரு குடும்பம் என்று நினைத்திருக்கிறார். சீசன் நேரத்தில் குற்றாலத்து லாட்ஜில் அவர் தங்கியதில்லை.

மெக்கானிக்குகள் ஒவ்வொரு புகாரை மூடும்போதும் இயந்திரத்தின் சீரியல் நம்பரைப் பதிவு செய்தாக வேண்டும். அதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பதிவாகிக் கிடக்கும். ஜெயபிரியா போன் நம்பரை விட்டுவிட்டு சீரியல் நம்பரை வைத்து வரிசைப்படுத்தினாள். அறுபத்திரண்டு புகார்களும் வெறும் இருபத்து நான்கு இயந்திரங்களாகச் சுருங்கின. அதிலும் நாற்பத்தைந்து புகார்கள் ஏழே ஏழு ஹீட்டர்களுடையவை. ஏழும் ஐந்தருவி சாலையில் ஒரே லாட்ஜின் மேல்மாடியில் இருந்தன.

கணக்கு அவளை விடவில்லை. ஒரு புகார் எத்தனை நேரத்தில் மூடப்பட்டது என்று பார்க்காமல், ஒரு இயந்திரத்தின் முதல் புகாரிலிருந்து கடைசியாக மூடப்பட்டது வரை எவ்வளவு நாள் என்று பார்த்தாள். குற்றாலத்தின் ஆறு மணி நேரம் ஆறு நாளாகியது. திருவேங்கடத்துக்கும் அதே கணக்கைப் போட்டாள். நாலு நாள் நாலு நாளாகவே இருந்தது. சுடலைக்கண்ணு ஒருமுறை மூடிய இயந்திரத்திலிருந்து இரண்டாவது புகார் வந்ததே இல்லை. எப்படிக் கூட்டி வகுத்தாலும் அவர் எண் அசையவில்லை.

அபியைக் கூப்பிட்டாள். இருபத்து நான்கு வயது, அச்சன்புதூர் பையன், சிரித்த முகம்.

"அபி, அந்த லாட்ஜுக்கு நெசமாவே போறியா, இல்ல இங்கன இருந்தே மூடுதியா?"

"என்னக்கா இப்படிக் கேக்கிய! தெனமும் போவுதேன். வேணும்னா லாட்ஜு மேனேஜர் ஆதம் பாய்ட்ட கேளுங்க. மத்தியானம் போவேன். ரூம் காலியா இருக்கும். சுவிட்சப் போடுவேன், தண்ணி கொதிக்கும். கம்ப்ளெய்ன்ட் குடுத்தவருக்குப் போன் போட்டு, சார் ஹேப்பி கோட் சொல்லுங்கன்னு கேப்பேன்."

"அவரு என்ன சொல்லுவாரு?"

"அவரு பஸ்ல போய்ட்டு இருப்பாரு. உடனே சொல்லிருவாரு. நல்ல மனுசங்க அக்கா, ஒருத்தருகூட கோவப்படல."

"ஏலே, அவருதான் ஊருக்குப் போயிட்டாரே. ஹீட்டர் சரியாவலயே?"

அபி யோசித்தான். "அவரு ஊருக்குப் போயிட்டா அவரு கொறை தீர்ந்திரிச்சில்லாக்கா?"

கம்பெனியின் விதிப்புத்தகமும் இதையேதான் சொல்கிறது.

விஸ்வநாதனிடம் தாளைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டினார்.

"ஏம்மா, இதப் பாத்தா நாம நாப்பது தடவ சரிசெய்யாமலே சரிசெஞ்சதாக் கணக்குக் காட்டுனோம்னுல்லா சொல்லுவாங்க?"

"திரும்ப வந்தது நூத்துக்கு அறுபது அண்ணாச்சி. அபி மேல தப்பு இல்ல. மத்தியானம் போனா நல்லா இருக்கு. ராத்திரி தங்குறவங்களுக்கு சுடல."

"ஆடிட்காரன் கண்ணுல பட்டா சென்டரையே புடுங்கிருவான். விஜயசங்கர்ட்ட சொல்லாத. அவர் வாரதுக்குள்ள சரிபண்ணிருவோம்." கொஞ்சம் யோசித்தார். "இதுக்குப் பொறுமையான ஆளு வேணும். சுடலைய அனுப்பு."

வேகம் போதாது என்று ஒரு மாதத் தவணையில் நிற்கிற மனிதர், வேகத்துக்குப் பேர்போன குற்றாலத்தைக் காப்பாற்ற இப்படித்தான் அனுப்பப்பட்டார்.

சுடலைக்கண்ணு மத்தியானம் போகவில்லை. சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு ஜனங்கள் திரும்புகிற நேரத்துக்குப் போனார். லாட்ஜ் மேனேஜர் ஆதம் சாவிப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ரிசப்ஷன் சுவரிலும் ஒவ்வொரு ஹீட்டரின் மேலும் சர்வீஸ் சென்டரின் நம்பரை ஸ்டிக்கராக ஒட்டிவைத்தவர் அவர்தான்.

"வாங்க அண்ணாச்சி. சின்னப்பய வரலயா? அவன் வந்தா அஞ்சு நிமிசத்துல போயிருவான்."

"நான் இருந்துதான் போவேன் பாய். இத்தன தடவ கெடுதே, நீங்க ஒரு கம்ப்ளெய்ன்ட் போடக்கூடாதா?"

"நான் எதுக்குப் போடணும்? கெஸ்ட்டே போட்டுருதாங்க. நம்பர் ஒட்டிருக்கம்லா? முன்னால எல்லாம் தண்ணி சுடலன்னா என்னைய ஏசுவாங்க. இப்ப உங்களத்தான் ஏசுதாங்க. ஒட்டுனதுல இருந்து எனக்கு நிம்மதி."

சுடலைக்கண்ணு மேல்மாடிக்குப் போய், 204-இல் கதவைத் தட்டி, உள்ளே இருந்த விருதுநகர் குடும்பத்திடம் அனுமதி கேட்டு, மீட்டரைப் பிளக்கில் வைத்தார். இருநூற்று முப்பது வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் நூற்று அறுபது காட்டியது. எதிர் அறையில் யாரோ ஹீட்டரை அணைத்தார்கள், கொஞ்சம் ஏறியது. பக்கத்து அறையில் போட்டார்கள், இறங்கியது. வராந்தா மூலையில் இருந்த மின்பலகையைத் திறந்து, உள்ளே கையை விடாமல், முகத்தை மட்டும் அருகில் கொண்டுபோனார். சூடு அடித்தது.

"பாய், மேல வாங்க. ஒங்க மாடியில நல்லா சூடாவுற பொருள் ஒண்ணு இருக்கு. வயரு."

மேல்மாடியைப் பிற்பாடு கட்டியபோது ஏழு அறைகளையும் ஒரே ஃபேஸில், ஒரே மெல்லிய வயரில் இழுத்துவிட்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வெந்நீர் போட்டால் யாருக்கும் போதிய மின்சாரம் கிடைக்காது. மத்தியானம் அபி ஒரு சுவிட்சைப் போடும்போது, முழு மின்சாரமும் அந்த ஒரு ஹீட்டருக்கு வரும்.

"ஹீட்டர்ல கோளாறே இல்லன்னா அப்ப கம்ப்ளெய்ன்ட மூடிருங்க அண்ணாச்சி" என்றார் ஆதம்.

"மூடிட்டுப் போனா அடுத்த புகார் எங்களுக்கு வராது பாய். ஃபயர் சர்வீஸுக்குத்தான் போவும்."

ஆதம் பலகையை ஒருதரம் பார்த்தார். உடனே முதலாளிக்குப் போன் போட்டார். வயர்மேன் கிடைப்பதற்கு நாளாயிற்று. சீசனில் குற்றாலத்தில் வயர்மேனைவிட எண்ணெய் தேய்க்கிறவர் சுலபமாகக் கிடைப்பார். அதுவரை ஏழு புகார்களையும் சுடலைக்கண்ணு மூடவில்லை. இரண்டாவது வாரக் கடைசியில் தடித்த வயர் இழுத்து, மூன்று ஃபேஸிலும் அறைகளைப் பிரித்துப் போட்டார்கள். அன்று சாயங்காலமும் போய், ஏழு அறையும் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏழையும் மூடினார்.

அதற்குப் பிறகு அந்த லாட்ஜிலிருந்து ஒரு போனும் வரவில்லை. ஜெயபிரியா ஒன்றிரண்டு முறை ரிசீவரை எடுத்து லைன் இருக்கிறதா என்று பார்த்தாள்.

ஜூலைச் சுருக்கத்தைத் தயாரித்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. குற்றாலத்தில் புகார்கள் அறுபத்திரண்டிலிருந்து இருபதாகக் குறைந்திருந்தன. அந்த ஆறு மணி நேரப் புகார்கள்தான் இத்தனை நாள் மொத்தச் சராசரியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அவை போனதும், செங்கோட்டையும் தென்காசியும் திருவேங்கடமும் உள்ளபடியே தெரிந்தன. ஒரு நாளுக்குச் சற்று மேலே இருந்த சென்டரின் சராசரி ஒன்றரை நாளைத் தாண்டிவிட்டது. ஒன்றரை நாள்தான் கம்பெனியின் எல்லை. சுடலைக்கண்ணுவின் சொந்தச் சராசரியோ, அந்த ஏழு புகார்களையும் சேர்த்து, நாலு நாளிலிருந்து ஆறாகியிருந்தது. அவள் எந்தக் கணக்கிலும் அசையாது என்று நினைத்த எண் அசைந்துவிட்டது, அவர் நல்ல வேலை செய்ததால்.

விஜயசங்கர் வந்தார். தாளைப் பார்த்தார். இம்முறை உட்காரவே இல்லை.

"என்ன சார் இது? குற்றாலம் போச்சே! யாரு கைய வச்சது?"

விஸ்வநாதன் ஜெயபிரியாவைப் பார்த்தார். அவள் சொன்னாள். "சுடலை அண்ணாச்சி சார்."

"நான் சொன்னேன்ல? ஆள மாத்துங்கன்னு சொன்னேன்ல?"

"சார், அவர் கைய வச்சதுக்கப்புறம் அங்கன ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட வரல."

"கம்ப்ளெய்ன்ட் வந்தா வரட்டும்மா. ஆறு மணி நேரத்துல மூடுனோம்ல? இப்ப மூடுறதுக்கு என்ன இருக்கு?"

சுடலைக்கண்ணு வாசலில் நின்றார். இந்த முறை கையில் ஹெல்மெட் இல்லை. உள்ளே வந்து சாவியையும் மீட்டரையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் வைத்துவிடலாம் என்று இரண்டையும் கையிலேயே வைத்திருந்தார்.

ஜெயபிரியா இரண்டாவது தாளை எடுத்து வைத்தாள். முதலாளி காட்டாதே என்று சொன்ன தாள். விஸ்வநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், இது மெஷின் வாரியா போட்டது. ஒரு மெஷின்ல மொத கம்ப்ளெய்ன்ட்ல இருந்து கடைசியா மூடுனது வர எத்தன நாள்னு. ஜூன்ல குற்றாலம் ஆறு நாள். ஜூலை பின்பாதியில பத்து மணி நேரம். திரும்ப வந்தது நூத்துக்கு அறுபது, இப்ப ஒண்ணுமில்ல. அந்த லாட்ஜுல..."

அவள் முடிப்பதற்குள் விஜயசங்கர் தாளைக் கையில் எடுத்துவிட்டார். அவர் அதில் ஏழு ஹீட்டர்களையோ வயரையோ மனிதர்களையோ பார்க்கவில்லை. உயரத்திலிருந்து தரைக்கு இறங்கும் ஒரு கோட்டைப் பார்த்தார். ஆறு நாளிலிருந்து பத்து மணி நேரத்துக்கு. அவர் பிராந்தியத்தில் இருக்கும் பன்னிரண்டு சென்டர்களில் எதிலும் அப்படி ஒரு சரிவு இல்லை.

இப்போது உட்கார்ந்தார்.

"இத ஏம்மா மொதல்லயே தரல? இம்ப்ரூவ்மென்ட்னா இதுதான் இம்ப்ரூவ்மென்ட்! சென்னைக்கு இதையே அனுப்புறேன். அந்தப் பழைய டேபிள எடுத்துருங்க. ஜூன் நம்பர் கொஞ்சம் மோசமா இருக்குறதும் நல்லதுதான். அப்பத்தான் கோடு நல்லா இறங்கும்."

"அப்ப சுடலை?" என்றார் விஸ்வநாதன், கண்ணைத் திறந்து.

"அதே டேபிள்ல திருவேங்கடத்துக்கு என்ன வருது?"

"நாலு நாள் சார். திரும்ப வந்தது எதுவும் இல்ல" என்றாள் ஜெயபிரியா.

விஜயசங்கர் யோசித்தார். அந்தத் தாளை அனுப்பிவிட்டு, அதில் திரும்ப வந்த புகாரே இல்லாத ஒரே ஆளை வெளியே அனுப்பினால் மேலே யாராவது கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் எழுத வேண்டியிருக்கும். "இருக்கட்டும்" என்றார்.

பத்து நாளில் சென்னையிலிருந்து இரண்டு மெயில் வந்தன. முதலாவது, குற்றாலத்தில் ஏற்பட்ட வியக்கத்தக்க முன்னேற்றத்துக்காக, கோப்பின்படி குற்றாலத்துக்குப் பொறுப்பான அபிக்கு மண்டலத்தின் சிறந்த மெக்கானிக் விருது. இரண்டாவது, தனி நபர் சராசரி எல்லையைத் தாண்டியுள்ளதால் திரு. சுடலைக்கண்ணு எச்சரிக்கையுடன் பணியில் தொடரலாம்.

அபிக்கு விருது புரிந்தது, காரணம் புரியவில்லை. கேடயம் வந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு, கூடவே கால் கிலோ அல்வாவோடு சுடலைக்கண்ணுவைத் தேடி வந்தான். அவர் வண்டிப் பெட்டியில் காயில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது ஒங்களுக்கு வரவேண்டியது. நீங்களே வச்சிக்கிடுங்க."

"எனக்கு எதுக்குலே? எங்கிட்டதான் எச்சரிக்க இருக்கே. வீட்டுல இதுவும் அதுவும் சேந்து இருந்தா சண்ட போடும்." அல்வாவை மட்டும் வாங்கிக்கொண்டார். "ஏலே, நாளைக்கு சாயங்காலம் ஒரு தடவ அந்த லாட்ஜுக்குப் போயி மீட்டர் வச்சிப் பாரு. மத்தியானம் போவாத."

"கம்ப்ளெய்ன்ட் இல்லையே அண்ணாச்சி? எந்த நம்பர்ல போவ?"

"நம்பர் இல்லாம ஒரு எடத்துக்குப் போவத் தெரியாதாலே உனக்கு?"

மேலே ஜன்னலிலிருந்து ஜெயபிரியா கூப்பிட்டாள். திருவேங்கடத்தில் ஒரு வீட்டில் காயில் போயிருக்கிறது. மதுரையிலிருந்து வர மூன்று நாளாகும். இப்போதே பதியவா, காயில் வந்த பிறகு பதியவா என்று கேட்டாள். எப்போதும் காயில் வந்த பிறகே பதிந்தால் அவருடைய சராசரி பாதியாகக் குறையும்.

"அந்தம்மா எப்ப போன் பண்ணுச்சி?"

"இப்பத்தான்."

"அப்ப இப்பத்தான் பதியணும்" என்று சொல்லி, சுடலைக்கண்ணு வண்டியை உதைத்தார்.